கடைசி நாள் மெயில்: நன்றிக்குள் ஒளிந்திருக்கும் குத்தல்

அந்த மெயிலில் யாரையும் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. 11 பேருக்குப் பெயர் சொல்லி நன்றி. டீ கொண்டுவந்து வைக்கும் அண்ணனுக்கும் தனியாக ஒரு வரி. ஆனால் 4 வருடம் தனக்கு மேலே இருந்த மேலாளரின் பெயர் மட்டும் இல்லை. மெயில் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்காது, அந்தக் குழுவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அனுப்பியவரோ, "நான் யாரையும் திட்டலையே மேடம்" என்றார். உண்மைதான், திட்டவில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளத் துறையில் வேலை பார்க்கிறேன். ராஜினாமா செய்பவர்களின் கடைசி வாரம் பெரும்பாலும் என் மேஜை வழியாகத்தான் போகும். லேப்டாப் ஒப்படைப்பு, நோ டியூ படிவம், வெளியேறும்போது நடக்கும் பேட்டி, ரிலீவிங் லெட்டர் எல்லாம் முடிந்த பிறகு, "விடைபெறும் மெயிலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்துப் பார்த்த வரையில், வெளிப்படையாகத் திட்டி எழுதுபவர்கள் அபூர்வம். குத்தல் வேறு வழியில் நுழைந்துவிடும். யாரை விட்டோம் என்பதில், எதோடு ஒப்பிட்டோம் என்பதில், சில சமயம் 'மீறி' என்ற ஒரே சொல்லில்.

வேறு ஒரு மெயிலை முழுதாகச் சொல்கிறேன். எழுதியவரின் அனுமதி உண்டு. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மெயில் ஆங்கிலத்தில் இருந்தது, இங்கே அதன் பொருளைத் தருகிறேன்.

டெஸ்டிங் பிரிவில் 6 வருடம் இருந்த பெண். அவர் எதிர்பார்த்த பதவி உயர்வு இரண்டு முறை வேறு ஒருவருக்குப் போனது. வெளியில் வேலை கிடைத்தது, ராஜினாமா கொடுத்தார். 90 நாள் நோட்டீஸ் காலத்தையும் முழுதாக முடித்து, தன் வேலையை அடுத்தவருக்குப் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தார். கடைசி நாளுக்கு முந்தைய நாள் இந்த வரைவோடு வந்தார்:

"அனைவருக்கும் வணக்கம். நாளை என் கடைசி நாள். ஏற்ற இறக்கம் நிறைந்த 6 வருடங்கள். எத்தனையோ தடைகளை மீறி இங்கே நிறையக் கற்றுக்கொண்டேன். என் உழைப்பை உண்மையிலேயே மதித்த சிலருக்கு மனமார்ந்த நன்றி. யார் என்று அவர்களுக்கே தெரியும். என் திறமைக்கு ஏற்ற இடத்துக்குப் போகிறேன். குழு இனியாவது நன்றாக இருக்க வாழ்த்துகள்."

படித்துவிட்டு, "இதில் எந்த வரி யாரை நோக்கியது என்று உங்கள் குழுவில் யாருக்காவது தெரியாமல் இருக்குமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

'தடைகளை மீறி' என்றதும் படிப்பவர் மனம் தடை போட்டது யார் என்று தேடும். 'திறமைக்கு ஏற்ற இடம்' என்றால் இந்த இடம் அதற்கு ஏற்றதில்லை என்று ஆகிறது, அதே இடத்தில் நாளையும் உட்காரப் போகிறவர்கள்தான் அதைப் படிக்கிறார்கள். 'இனியாவது' பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்கு அதிகம் உறுத்தியது 'மதித்த சிலருக்கு' என்ற வரி. அது மேலாளருக்காக எழுதியது. ஆனால் 38 பேர் உள்ள குழுவில், அந்தச் சிலரில் தானும் உண்டா என்று யோசிக்கப் போவது பெரும்பாலும் எழுதியவருக்கு வேண்டியவர்கள்தான். மேலாளருக்கு எறிந்த கல் பக்கத்துச் சீட்டுத் தோழியின் மேல் விழும்.

"அப்போ நான் பொய் எழுதணுமா மேடம்? அவர் எனக்குச் செஞ்சது உங்களுக்கே தெரியும்."

நியாயமான கேள்வி. பொய் எழுதச் சொல்ல மாட்டேன். 'சிறந்த வழிகாட்டி', 'என் முன்மாதிரி' என்று மனதில் இல்லாததை எழுதினால் அதுவும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும், கிண்டல் போலக்கூடத் தோன்றும். அவரிடம் வேறு ஒன்றைக் கேட்டேன். 6 வருடத்தில் அந்த மேலாளரால் உங்களுக்குக் கிடைத்த ஒரு நல்லது, ஒன்றே ஒன்று, நடந்தபடி சொல்லுங்கள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முதல் வருடத்தில் நடந்ததைச் சொன்னார். ஒரு ரிலீஸ் இரவில் இவர் பார்க்காமல் விட்ட ஒரு பிழை வாடிக்கையாளர் வரை போய்விட்டது. மறுநாள் அழைப்பில் யார் செய்தது என்று கேட்டபோது மேலாளர் இவர் பெயரைச் சொல்லவில்லை. "எங்கள் குழு தவறவிட்டது, இன்று மாலைக்குள் சரிசெய்கிறோம்" என்று சொல்லி முடித்துவிட்டார். "அன்னிக்கு அவர் என் பேரைச் சொல்லியிருந்தா நான் அப்பவே வேலையை விட்டிருப்பேன்" என்றார்.

அதுதான் வேண்டியது. பதவி உயர்வு கொடுக்காததும் உண்மை, அன்று பெயரைச் சொல்லாததும் உண்மை. விடைபெறும் மெயிலில் இரண்டாவதை எழுதினால் போதும். முதலாவதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது.

அந்த இடம் வெளியேறும் பேட்டி. பதவி உயர்வு விஷயத்தைத் தேதியோடு, கிடைத்த மதிப்பீட்டோடு அதில் பதிவு செய்யச் சொன்னேன், செய்தார். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேட்டியில் சொல்வது அப்படியே ரகசியமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சின்னக் குழு என்றால் பெயரை எடுத்துவிட்டாலும் சொன்னது யார் என்று ஊகிக்க முடியும். சொன்னது எல்லாவற்றுக்கும் நடவடிக்கை வரும் என்பதும் இல்லை, அதை என் வேலையில் இருந்துகொண்டே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பேட்டியில் சொன்னால் அது ஒரு பதிவு. 38 பேருக்கு ஜாடையாகச் சொன்னால் அது வெறும் பேச்சு.

நாங்கள் இருவருமாக உட்கார்ந்து எழுதிய மெயில் இது. பெயர்கள் இருந்த இடத்தில் பொறுப்பை மட்டும் வைத்திருக்கிறேன்:

"அனைவருக்கும் வணக்கம். இன்று இந்த அலுவலகத்தில் என் கடைசி நாள். 6 வருடத்துக்கு முன் சேர்ந்தபோது ஒரு டெஸ்ட் கேஸை ஒழுங்காக எழுதத் தெரியாது. எழுதியதையெல்லாம் சலிக்காமல் திருத்திக் கொடுத்தது இந்தக் குழு. ரிலீஸ் இரவுகளில் 2 மணிக்கும் கூட இருந்த டெவலப்பர்களுக்கும், நான் திருப்பித் திருப்பி அனுப்பிய பிழைகளைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கும் நன்றி. என் முதல் வருடத்தில் ஒரு பெரிய பிழை வெளியே போனபோது, அதை என் தவறு என்று சொல்லாமல் குழுவின் பொறுப்பு என்று எடுத்துக்கொண்ட எங்கள் மேலாளருக்கு நன்றி. அதை நான் மறக்கவில்லை. என் வேலைகள் அனைத்தையும் புதிய பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். சந்தேகம் இருந்தால் இனி அவரைக் கேட்கலாம். என் சொந்த மெயில் முகவரி கீழே இருக்கிறது. போய் வருகிறேன்."

கடைசி வார்த்தை அவரே போட்டது. ஆங்கிலத்தில் எழுதிய மெயிலில் அதை மட்டும் தமிழில் விட்டிருந்தார். குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, பரவாயில்லை, தெரிந்தவர் சொல்லிக் கொடுப்பார் என்றார். முதலில் 'போகிறேன்' என்று எழுதியிருந்ததை நான் சொல்லாமலே மாற்றியிருந்தார். வீட்டுவாசலில் நின்று யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லையே.

அனுப்பிய மெயிலில் பெயரோடு இருந்தவர்கள் மேலாளரும் புதிய பொறுப்பாளரும் மட்டும்தான். மற்றவர்களுக்கான நன்றி அவர்கள் செய்த வேலையின் பெயரில் போகிறது. 11 பெயர் எழுதினால் 27 பெயர் விடுபடும், விடுபட்டவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். மனதுக்கு நெருங்கிய 4, 5 பேருக்குத் தனித்தனியாக எழுதச் சொன்னேன். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் உருகலாம். குழுவுக்குப் போகும் மெயில் லேப்டாப் திரையில் உருட்டாமல் படிக்கிற அளவு இருந்தால் சரி.

எங்கே சேரப் போகிறார் என்பதையும் எழுதவில்லை. நண்பர்களுக்கு எப்படியும் தெரியும். பலரின் வேலை ஒப்பந்தத்தில், வெளியேறிய பிறகு கூட வேலை பார்த்தவர்களைப் புதிய நிறுவனத்துக்கு இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். 'அங்கே ஆள் எடுக்கிறார்கள், தொடர்புகொள்ளுங்கள்' என்று பாசத்தில் எழுதும் ஒரு வரி, அந்த நிபந்தனையைக் காட்டிக் கேள்வி கேட்க இடம் கொடுக்கும். வாடிக்கையாளர் பக்கத்து ஆட்களையும் முகவரிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்களிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மேலாளர் முடிவு செய்யட்டும். நல்ல மனதோடு ஒருவர் அப்படி நேராக அனுப்பிவிட்டு, மறுநாள் முழுக்க மேலாளர் தொலைபேசியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நேரம். பலர் மாலை வரை இழுத்தடித்து, கிளம்பும் முன் ஐந்தே முக்காலுக்கு அனுப்புவார்கள். பதில் வருவதற்குள் அலுவலகக் கணக்கை முடக்கிவிட்டால் எழுதியவர்களுக்கெல்லாம் 'முகவரி இல்லை' என்று திரும்பி வரும். உங்கள் கணக்கு எத்தனை மணிக்கு மூடப்படும் என்று ஐடி பிரிவைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இவர் காலை 11 மணிக்கு அனுப்பினார். குழுவின் முகவரியை Bcc-யில் போட்டார். அப்படிப் போட்டால் யாராவது Reply All அழுத்தினாலும் பதில் அவருக்கு மட்டும்தான் வரும், 38 பேரின் பெட்டியும் 'ஆல் தி பெஸ்ட்' என்று நிரம்பாது. சொந்த முகவரியை ஒருமுறை தனக்கே அனுப்பிச் சரிபார்த்தார். சிரிக்காதீர்கள், அதில் ஒரு எழுத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

மதியத்துக்குள் பதில்கள் வந்துவிட்டன. மேலாளர் எழுதியது 2 வரி. அந்த இரவு தனக்கும் நினைவிருக்கிறது என்றும், உனக்கு இன்னும் செய்திருக்க வேண்டும் என்றும். அந்தப் பெண் அதை என்னிடம் காட்டிவிட்டு, "இதை என் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். அலுவலக மெயிலை வெளியே அனுப்புவது எங்கள் விதிப்படி கூடாது, கடைசி நாளில் அதை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றேன். கைப்பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து, திரையைப் பார்த்து அந்த 2 வரியையும் பேனாவால் எழுதிக்கொண்டார். பிறகு லேப்டாப்பை மூடி என்னிடம் கொடுத்தார்.