பங்குனித் திருவிழாவும் நகரும் கடிகாரங்களும்: வெளிநாட்டு உறவுகளுக்கு எப்போது பதிவு போடுவது?

திருகோணமலையில் கோயில், சங்கம், கடை என்று எந்த முகநூல் பக்கத்தை எடுத்தாலும் பதிவு போடும் நேரம் பெரும்பாலும் ஒன்றுதான்: இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு ஆட்கள் போனைக் கையில் எடுக்கும் நேரம். ஊராருக்கு மட்டும் என்றால் அதில் பிழையில்லை. ஆனால் அந்த இரவு 8 மணிக்கு ரொறன்ரோவில் காலை 9:30 அல்லது 10:30. அங்குள்ளவர்கள் வேலையில் நிற்பார்கள். மெல்பேர்னில் நள்ளிரவு தாண்டிவிடும்.

பக்கங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அதில் அதிகம் வரும் முறைப்பாடு கோயில் பக்கங்களைப் பற்றியதுதான். உபயகாரர் ஒருவர் கனடாவில் இருந்து எடுத்துக் கேட்பார்: "தம்பி, எங்கட திருவிழா வீடியோ ஒண்டும் கண்ணில படேல்லையே. போட்டனீங்களா?" போட்டிருப்போம். அவர் வேலை முடிந்து போனை எடுப்பதற்குள் அது கீழே போயிருக்கும். முகநூல் பதிவுகளை நேர வரிசைப்படி மட்டும் அடுக்குவதில்லை. ஆர்வம் காட்டப்படும் பதிவுகளுக்கு அது இடம் கொடுக்கும். ஆகவே ஒரு பதிவு வெளியாகி முதல் சில மணி நேரத்துக்குள் அதைப் பார்த்து நாலு வார்த்தை எழுதக்கூடியவர்கள் விழித்திருக்க வேண்டும்.

ஒரு திருவிழாவை வைத்தே கணக்குப் பார்ப்போம். மாலைப் பூசை 6 மணிக்கு. உபயகாரர் குடும்பம் ரொறன்ரோ பக்கம், சகோதரர்கள் சூரிச்சிலும் லண்டனிலும், மகள் மெல்பேர்னில். முதலில் பக்கத்தின் புள்ளிவிபரப் பகுதியில் பின்தொடர்வோரின் நகரங்களைப் பாருங்கள். நாட்டின் பெயர் மட்டும் போதாது. கனடாவுக்குள்ளேயே பல நேர வலயங்கள் உண்டு. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் கோடைகாலத்தில் கடிகாரத்தை முன்தள்ளும், பிரிஸ்பேன் தள்ளாது.

மாலை 6 மணி நேரலைக்கு நல்ல நேரம். நம் ஊர்க் கடிகாரத்தில் இந்த எல்லா நகரங்களும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். ரொறன்ரோவில் காலை, ஐரோப்பாவில் மதியம், மெல்பேர்னில் படுக்கப்போகும் முன். வார நாளில் ரொறன்ரோக்காரர் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார் என்பதால், வெளிநாட்டுக் குடும்பத்தின் உபயத்தைச் சனி, ஞாயிறில் வைத்துக் கொடுக்க முடியுமா என்று பரிபாலன சபையிடம் நான் கேட்பதுண்டு. சில வேளை முடியும்.

நேரலையைத் தவிர்த்த மற்றப் பதிவுகளை இரண்டு நேரங்களுக்குப் பிரித்துவிடலாம். முதலாவது காலை 6:30. அப்போது ரொறன்ரோவில் முந்தைய நாள் இரவு 8 அல்லது 9 மணி, மெல்பேர்னில் நண்பகலை அண்டிய நேரம், நம் ஊரில் தேநீர் நேரம். ஐரோப்பா மட்டும் தூக்கத்தில். இரண்டாவது இரவு 11:30. லண்டனில் மாலை 6 அல்லது 7, பாரிஸ், சூரிச், ஒஸ்லோவில் அதைவிட ஒரு மணி கூட. கட்டாரில் இரவு 9 மணி. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கடைகளுக்கு வளைகுடாவில் ஆட்கள் அதிகம் என்பதால் அவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

ஆகவே அறிவித்தல் படத்தை இரண்டு நாளுக்கு முன்பே காலை 6:30க்குப் போடுங்கள். பூசை முடிந்த கையோடு இரவு 9 மணிக்குப் படத்தொகுப்பை ஏற்றிவிட மனம் துடிக்கும். அதை 11:30 வரை தள்ளி வையுங்கள், ஐரோப்பா வீடு திரும்பட்டும். சாமி வீதியுலா வரும் சிறு காணொளியை அடுத்த நாள் காலைக்கு வைத்திருங்கள், அது கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும். ஒரே படத்தை இரண்டு முறை போடுவதைவிட இது மேல். ஊராருக்கும் சலிக்காது.

சிக்கல் அதிகம் வருவது பங்குனியில்தான். இலங்கைக் கடிகாரம் 2006 ஏப்ரலில் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே என்ற பழைய கணக்குக்குத் திரும்பிய பிறகு அசையவில்லை. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக் கேட்டு வாழ்ந்த பத்து வருடத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆனால் மற்றவர்களின் கடிகாரங்கள் இப்போதும் நகர்கின்றன, அதுவும் வெவ்வேறு நாளில். ரொறன்ரோ மார்ச் இரண்டாவது ஞாயிறு ஒரு மணி முன்னே போகும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் போகும். மெல்பேர்ன் ஏப்ரல் முதல் ஞாயிறு ஒரு மணி பின்னே வரும். பங்குனி மார்ச் நடுவில் பிறந்து ஏப்ரல் நடுவில் முடிவதால், ஐரோப்பாவின் மாற்றமும் மெல்பேர்னின் மாற்றமும் திருவிழாக் காலத்துக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன.

மார்ச் கடைசி ஞாயிறுக்கு முதல் நாள் சனிக்கிழமை நம் மாலை 6 மணி என்பது ரொறன்ரோவில் காலை 8:30, லண்டனில் பகல் 12:30, சூரிச்சில் 1:30, மெல்பேர்னில் இரவு 11:30. அடுத்த நாள் ஞாயிறு அதே பூசை, அதே 6 மணி. லண்டனில் 1:30, சூரிச்சில் 2:30 ஆகிவிடும். மற்ற இரண்டும் மாறாது. சனிக்கிழமை அறிவித்தலில் திகதியை மட்டும் மாற்றி ஞாயிறுக்குப் போட்டால், லண்டன்காரர் ஒரு மணி முந்தி வந்து வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஐரோப்பா ஒக்டோபர் கடைசி ஞாயிறு பழைய நேரத்துக்குத் திரும்பும். அப்போது பிழை மறுபக்கம் திரும்பும், பழைய அறிவித்தலை நம்பி வருகிறவர் பூசை முடிந்த பிறகு வந்து சேர்வார். நேரலையின் தொடக்கத்தில் ஒரு நாட்டவர் மட்டும் மொத்தமாகக் காணாமல் போனால், இணையத் தொடர்பைக் குறைசொல்லும் முன் அறிவித்தலில் உள்ள நேரத்தைச் சரிபாருங்கள்.

யூடியூப்பில் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த நேரலை, பார்ப்பவரின் சொந்த நேரத்திலேயே தெரியும். படமாகச் செய்த அறிவித்தலுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அதில் கிழமை, திகதி, இலங்கை நேரம், பிறகு மூன்று நான்கு நகரங்களின் நேரம். "இன்று", "நாளை" வேண்டாம். நம் சனிக்கிழமை காலைப் பதிவை ரொறன்ரோக்காரர் வெள்ளி இரவில் படிக்கிறார். அவருடைய "நாளை" வேறு.

பக்கத்துக்கு நிர்வாகிகள் இருவர், ஒருவர் இங்கே, ஒருவர் கனடாவில் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். பதிவை முன்கூட்டி நேரம் குறித்து வைக்கும்போது அந்தத் திரையில் எந்த நேர வலயம் இருக்கிறது என்று பாருங்கள். மார்ச் கடைசியில் ரொறன்ரோ நேரத்தில் காலை 6:30 என்று குறித்தால், அது நம் ஊரில் மாலை 4 மணிக்குத்தான் வெளிவரும். உங்களுக்குள் பேசும்போது இலங்கை நேரம் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப் குழு வேறு விதம். முகநூல் பதிவு காத்திருக்கும், வட்ஸ்அப் தகவல் உடனே சத்தம் போடும். நாம் இரவு 11:30க்கு அனுப்பும் இருபது படங்களும் மெல்பேர்னில் விடிய 4, 5 மணிக்கு ஒவ்வொன்றாக அடிக்கும். அவர்கள் குழுவை மௌனமாக்கி விடுவார்கள், பிறகு அவசரமான தகவலும் போய்ச் சேராது. படங்களை ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரம் இருக்கும், எந்த ஊர்க்காரரும் தன் விடியலில் பார்க்கலாம். குழுவுக்கு நேரலை இணைப்பும் நேர மாற்றமும் மட்டும் போகட்டும்.