ஒரு மிக்ஸி, மூன்று கணக்குகள்

தங்கள் தளத்திலிருந்து ஆன்லைன் கடைக்கு ஆள் அனுப்பி, விற்றால் கமிஷன் வாங்குபவர்கள் அஃபிலியேட் கூட்டாளிகள். அவர்கள் "இந்த மாதம் இவ்வளவு விற்றுக் கொடுத்தோம்" என்று காட்டும் தொகைகளைக் கூட்டினால், பல சமயம் கடையின் மொத்தத்தைத் தாண்டிவிடும். யாரோ பொய்க் கணக்கு காட்டுவதாகத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு ஆர்டரைப் பின்தொடர்ந்தாலே காரணம் தெரியும்.

மார்ச் 3 அன்று ஒருவர் மிக்ஸி விமர்சனத் தளம் ஒன்றில் இணைப்பைத் தட்டிக் கடைக்கு வருகிறார். யார் அனுப்பியது என்ற குறிப்பு, குக்கீயாக அவருடைய பிரவுசரில் பதிகிறது. கடை கொடுத்த காலம் 30 நாள். அதற்குள் வாங்கினால் கமிஷன் உண்டு. அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் இந்தக் காலம் 24 மணி நேரம்தான். ஆனால் அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால், அப்புறம் தாமதமாக வாங்கினாலும் பொதுவாக 90 நாள் வரை கணக்கில் சேரும்.

மார்ச் 20 அன்று அதே ஆள் கூப்பன் தளம் ஒன்றின் வழியாக மறுபடி வருகிறார். கடைக்கும் கூட்டாளிக்கும் நடுவே நின்று விற்பனையைப் பதியும் நிறுவனம்தான் நெட்வொர்க். கூப்பன் தளம் வேறு நெட்வொர்க், எனவே வேறு குக்கீ. ஏப்ரல் 1, அதிகாலை 2 மணிக்கு மிக்ஸியை வாங்குகிறார். வரியோடு 5,900 ரூபாய்.

வாங்கி முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் இரண்டு நெட்வொர்க்குகளின் நிரலும் ஓடுகின்றன. ஒன்றின் குக்கீ மற்றதன் கண்ணில் படாது. இரண்டுமே 30 நாளுக்குள் இருப்பதால் இரண்டுமே 5,900 என்று எழுதிக்கொள்கின்றன, கூட்டினால் 11,800. கடையோ 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்து 5,000 ரூபாய் விற்பனை என்று எழுதுகிறது. நெட்வொர்க்கின் கடிகாரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் அங்கே அப்போது மார்ச் 31, இரவு 8:30. எனவே அது மார்ச் அறிக்கையிலும், கடைக் கணக்கில் ஏப்ரலிலும் விழுகிறது.

ஏப்ரல் 12 அன்று மிக்ஸி திரும்பி வருகிறது. கடை ஏப்ரலில் கழிக்கிறது. சில நெட்வொர்க்குகள் பழைய மார்ச் பதிவையே ரத்து செய்துவிடும். போன வாரம் பார்த்த மார்ச் மொத்தம் இன்று குறைந்திருப்பது இதனால்தான். கமிஷனை உடனே தராமல், ரிட்டர்ன் காலம் முடியும் வரை "நிலுவை" என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கமும் நடக்கும், அதில் நஷ்டம் கூட்டாளிக்கு. போனில் தட்டி லேப்டாப்பில் வாங்கினால் குக்கீ உதவாது. சஃபாரி பிரவுசர் 2019 முதல், ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீகளை 7 நாளில் அழிக்கிறது. விமர்சனத் தளத்தின் குறிப்பு அப்படிப் பதிந்திருந்தால், மார்ச் 10-க்குப் பிறகு அதன் உழைப்புக்குச் சுவடே இருக்காது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மிக்ஸியை விளக்கி எழுதியவர் வெறுங்கையோடு போக, கடைசி நேரத்தில் கூப்பன் நீட்டியவர் கமிஷன் வாங்குகிறார்.

மொத்தங்களை ஒப்பிட்டால் இது எதுவும் பிடிபடாது. கடையின் பட்டியலையும் நெட்வொர்க்குகளின் பட்டியல்களையும் ஆர்டர் எண் வாரியாகப் பொருத்த வேண்டும். ஒரே எண் இரண்டு நெட்வொர்க்கிலும் இருந்தால் இரட்டைப் பதிவு. எண் பொருந்தி, தொகை சரியாக 1.18 மடங்காக இருந்தால் வரி. தேதி மட்டும் ஒரு நாள் நகர்ந்திருந்தால் கடிகாரம். இரட்டைப் பதிவை நிறுத்த, கடைசித் தட்டு எந்த நெட்வொர்க்குடையது என்று கடையே குறித்து வைத்து, அதன் நிரலை மட்டும் ஓடவிட வேண்டும். அந்த விதியை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும் கடையின் பொறுப்பு.