ரெஸ்யூமேல 10 வருஷம், ப்ரொஃபைல்ல 3 வருஷம்: நடுவுல என்னதான் நடக்குது?

ஏற்காடு பக்கம் காபி எஸ்டேட்ல இருந்தவங்ககிட்ட ரைட்டர்னா யாருன்னு விளக்கவே வேண்டாம். காலைல ஆள் கணக்கு எடுக்கறது, யார் எத்தனை கிலோ பழம் பறிச்சாங்கன்னு எழுதறது, வாரக் கடைசில கூலிக் கணக்கு போடறது, இதையெல்லாம் பாக்கறவர்தான் எஸ்டேட் ரைட்டர். ஆனா சேலத்துல நாங்க ஆள் எடுத்துக் குடுக்கற ஆபீஸ்ல ரெஸ்யூமேவைப் படிச்சு ப்ரொஃபைல் போடற சாஃப்ட்வேருக்கு அது தெரியாதுல்ல, அது பாட்டுக்கு ஒரு எஸ்டேட் ரைட்டரை "கன்டென்ட் ரைட்டர்"னு போட்டு வெச்சிருந்துச்சு. சிரிச்சுட்டே அந்த ப்ரொஃபைலைத் தொறந்தேன், உள்ள பாத்தா இருக்கற தப்புலயே அதுதான் சின்னது.

ஆளோட பேரை மாத்திட்டேன், கே. செல்வம்னு வெச்சுக்குங்க. ஏற்காட்டுக்காரர், பி.காம் முடிச்சுட்டு மலை மேலயே எஸ்டேட் ரைட்டரா இருந்தவர், அப்புறம் கீழ எறங்கி செவ்வாப்பேட்டைல ஒரு வெள்ளிக் கொலுசு பட்டறைல கணக்கு பாத்தவர், அதுக்கப்புறம் வேற ஒரு எடத்துல சீனியர் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட். 2024 மார்ச்ல நாங்க தேடினது 5 வருஷ அனுபவம் உள்ள அக்கவுண்ட்ஸ் ஆள். அவரு லிஸ்ட்லயே வரல. ஏன்னா ப்ரொஃபைல்ல மொத்த அனுபவம் 3 வருஷம்னு இருந்துச்சு, அதுவும் 2016க்கு அப்புறம் வேலையே இல்லாத மாதிரி.

பார்சர்னு சொல்ற இந்த சாஃப்ட்வேர் ரெஸ்யூமேவை நம்மள மாதிரி பாக்கறதில்ல. முதல்ல ஃபைல்ல இருந்து வெறும் எழுத்தை மட்டும் உருவி எடுக்கும். அப்புறம் அதை படிப்பு, வேலை, முகவரின்னு துண்டு போடும். அப்புறம் ஒவ்வொரு துண்டுலயும் இது பேரு, இது கம்பெனி, இது தேதின்னு லேபிள் ஒட்டும். கடைசியா, ஒட்டினதை ஒரே மாதிரி வடிவத்துக்கு கொண்டு வரும், அதாவது ஊரை நாட்டோட சேக்கறது, பதவியை ஒரு வகைக்குள்ள போடறது, தேதியைக் கழிச்சு மொத்த அனுபவம் கண்டுபிடிக்கறது இதெல்லாம். செல்வம் ப்ரொஃபைல்ல பெரிய தப்பு நடந்தது முதல் படிலயே, ஆனா வெளிய தெரிஞ்சது கடைசி படில. இதை கவனிக்காம நேரா மொத்த அனுபவத்தை மட்டும் திருத்திட்டுப் போனா அடில இருக்கற தப்பு அப்படியேதான் இருக்கும்.

முதல் படில என்ன ஆச்சுன்னா, பிடிஎஃப்ல வரின்னோ பத்தின்னோ ஒண்ணு இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. இந்த எழுத்தை பக்கத்துல இந்த எடத்துல வரைன்னு சொல்ற குறிப்புகள்தான் அதுல இருக்கு. ஒரு ஏ4 பக்கம் சுமார் 595க்கு 842 பாயின்ட், 1 பாயின்ட்ங்கறது இஞ்சில 72ல ஒரு பங்கு. செல்வம் எடுத்தது இன்டர்நெட்ல ஃப்ரீயா கெடைக்கற ரெண்டு பத்தி டெம்ப்ளேட், இடது பக்கம் ஒடுக்கமா தேதிங்க, வலது பக்கம் வேலைங்க. நம்ம கண்ணு ஒரே உயரத்துல இருக்கற தேதியையும் வேலையையும் தானா சேத்துப் படிச்சுக்கும். ஆனா ஃபைலுக்குள்ள இடது பெட்டி முழுசா ஒரு தடவை, அப்புறம்தான் வலது பெட்டின்னு எழுதியிருந்துச்சு, பார்சரும் அந்த வரிசைலயே உருவிடுச்சு:

```
04/2019 - Till date
06/2016 - 03/2019
06/2013 - 05/2016
Senior Accounts Assistant
Accounts Assistant
Estate Writer
```

இப்ப லேபிள் ஒட்டற எடத்துல உக்காந்து யோசிங்க. "பதவிக்கு ஒட்டினாப்புல மேல இருக்கற தேதிதான் அந்த பதவியோட தேதி"ன்னு பாத்தா, சீனியர் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட்டுக்கு மேல இருக்கறது 2013 - 2016. அதை அவருக்கு ஒட்டியாச்சு. மத்த ரெண்டு வேலைக்கும் தேதி கெடைக்கல, காலியா விட்டாச்சு. மிச்ச ரெண்டு தேதியும் எந்த வேலைலயும் ஒட்டாம காத்துல போயிருச்சு. 36 மாசம், அதாவது 3 வருஷம், கணக்கு சரியா வந்துச்சு பாருங்க! கூட்டல் கழித்தல்ல ஒரு தப்பும் இல்ல, ஜோடி சேத்ததுலதான் தப்பு.

இது உங்க ஃபைல்லயும் நடக்குதான்னு பாக்க பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பிடிஎஃப்ப தொறந்து முதல் தேதில மவுஸை அழுத்தி, பக்கத்துல இருக்கற பதவி வரைக்கும் இழுங்க. நீலக் கலர் அந்த ஒரு வரிலயே நின்னா பரவால்ல, இடது பத்தி முழுக்க கீழ வரைக்கும் வழிஞ்சா அந்த ஃபைலோட வரிசை இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கலாம். எதுவுமே நீலமாகலைன்னா அது பெரும்பாலும் ஸ்கேன் பண்ண படமா இருக்கும், உருவி எடுக்க அதுல எழுத்தே இருக்காது. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிஞ்சவங்க இந்த கமாண்டை ஓட்டிப் பாக்கலாம்:

```
pdftotext -layout resume.pdf -
```

இதுல `-layout` போட்டா எழுத்து பக்கத்துல எங்க இருக்கோ அந்த எடத்தை மதிச்சு எடுக்கும். செல்வம் ஃபைலுக்கு ஒவ்வொரு தேதியும் அதோட பதவியும் ஒரே வரில வந்து உக்காந்துருச்சு. அதே ஃபைல், எடுத்த விதம் மட்டும்தான் வேற.

இன்னொண்ணு, எங்க சாஃப்ட்வேர் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துல எத்தனை சதவீதம் நம்பலாம்னு ஒரு நம்பர் காட்டும். புதுசா சேந்த பசங்க பச்சைல இருக்கறதை விட்டுட்டு சிவப்பை மட்டும் பாப்பாங்க. இந்த தப்பான தேதி பச்சைலதான் இருந்துச்சு. ஏன்னா அந்த நம்பர் சொல்றது "இது தேதிதானா"ங்கற கேள்விக்கான பதிலை. 06/2013 - 05/2016 தேதிங்கறதுல யாருக்கு என்ன சந்தேகம்? அது யாரோட தேதி, எந்த வேலையோட தேதிங்கறதை அந்த நம்பர் சொல்லவே இல்ல.

அதனால நான் செக் பண்றப்ப திசையை மாத்திக்குவேன். நெறைய பேர் ப்ரொஃபைல்ல ஒரு கட்டத்தைப் பாத்துட்டு அது ரெஸ்யூமேல இருக்கான்னு தேடுவாங்க. அப்படிப் பாத்தா 06/2013 - 05/2016 ரெஸ்யூமேல இருக்கா, இருக்கு, டிக். சீனியர் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் இருக்கா, இருக்கு, டிக். எல்லாமே டிக் ஆயிடும், விட்டுப்போன தேதி ரெண்டும் கண்ணுல படவே படாது, காலியா இருக்கற கட்டத்தை யாரு தேடிப் போறா. நான் ஒரிஜினலை இடது பக்கம் வெச்சுட்டு, அதுல மேல இருந்து ஒரு வேலையை எடுத்து, பதவி, எடம், எப்பல இருந்து எப்ப வரைக்கும்னு நாலையும் ஒரே மூச்சுல ப்ரொஃபைல்ல தேடுவேன். நாலும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தாத்தான் அந்த வேலை சரி.

திருத்தற வரிசையும் முக்கியம். முதல்ல தேதி. 06/2013ல இருந்து 05/2016 வரைக்கும் 36 மாசம், 06/2016ல இருந்து 03/2019 வரைக்கும் 34 மாசம், 04/2019ல இருந்து அந்த 2024 மார்ச் வரைக்கும் 60 மாசம், மொத்தம் 130. அதாவது 10 வருஷம் 10 மாசம். தேதியை சரி பண்ணி சேவ் பண்ணதும் மொத்த அனுபவம் தானா மாறிடுச்சு, அதை நான் கையால தொடல. ஒண்ணு மட்டும், "டில் டேட்"ங்கற எடத்துல அன்னைக்குத் தேதியைப் போடக்கூடாது, "இப்ப வேலைல இருக்கார்"ங்கற டிக்கைத்தான் போடணும். இல்லைன்னா அடுத்த மாசம் பாக்கறவங்களுக்கு ஆள் வேலையை விட்டுட்ட மாதிரி தெரியும்.

அப்புறம் நம்ம ரைட்டர். இதுல பதவிக்கு ரெண்டு கட்டம் இருக்கு, ரெஸ்யூமேல இருக்கறது அப்படியே ஒண்ணு, சாஃப்ட்வேர் சேத்துவிட்ட வகை இன்னொண்ணு. எஸ்டேட் ரைட்டர்ங்கறதை அழிச்சுட்டு அக்கவுண்ட்ஸ் கிளார்க்னு அடிக்க ஒருத்தர் சொன்னாரு, அது நான் ஒத்துக்கல. அவர் எழுதின பேரு அப்படியே நிக்கட்டும், வகையை மட்டும் கன்டென்ட் ரைட்டர்ல இருந்து கிளார்க்குக்கு மாத்தினேன். எஸ்டேட்ல ஆளுங்களை மேய்க்கற கண்டக்டருக்கும் இதே கதிதான், அவரை பஸ்ல ஏத்திவிட்டுரும்.

ஊரு சேலம், அமெரிக்கா ஓரிகன்னு இருந்துச்சு! அங்கயும் ஒரு சேலம் இருக்கு, அந்த மாநிலத்துக்கே தலைநகரம், ஊர்ப் பட்டியல்ல அது முன்னாடி வந்தா பார்சர் அதைப் புடிச்சுக்கும். ஆனா முகவரிலயே ஏற்காடு, 636601னு 6 இலக்கம் இருக்கு, அமெரிக்க ஜிப் கோடு அடிப்படைல 5 இலக்கம், போனும் +91. பேரும் இனிஷியல்ல மாட்டியிருந்துச்சு, கே முதல் பேராவும் செல்வம் கடைசிப் பேராவும் போயிருந்துச்சு, அப்படியே விட்டிருந்தா மெயில்ல "டியர் கே"ன்னு போயிருக்கும். ரெண்டையும் இடம் மாத்தினேன். கேன்னா என்னன்னு விரிச்சு எழுதல, ஏன்னா ரெஸ்யூமேல இல்ல.

பொறந்த தேதி 05/08/1992. ப்ரொஃபைல்ல மே 8. நம்ம ஊர்ல நாள்தான் முன்னாடி, அதனால ஆகஸ்ட் 5. இதுல கடுப்பு என்னன்னா, இதே சாஃப்ட்வேர் 25/08ன்னு இருந்தா சரியாப் படிக்கும், 25ஆவது மாசம் இல்லாததால வேற வழியில்லாம திருப்பிக்கும். அதனால பத்து ப்ரொஃபைல்ல சரியா இருக்கேன்னு நம்பி பதினொண்ணாவதை விட்டுரக்கூடாது, நாளும் மாசமும் ரெண்டுமே 12க்குள்ள இருக்கற தேதிங்களைத்தான் தேடிப் பாக்கணும்.

எல்லாம் முடிச்சப்ப ஒண்ணு மட்டும் இடிச்சுது. ரெஸ்யூமே தலைல அவரே "9 வருஷத்துக்கு மேல் அனுபவம்"னு எழுதியிருந்தாரு, தேதி கணக்குல வர்றது 10 வருஷம் 10 மாசம். 3 வருஷம்ங்கறது அபத்தம்னு முதல்லயே காட்டிக்குடுத்த வரியும் அதுதான், இப்ப என்னோட கணக்கோடயும் அது சரியா ஒட்டல. வேலை நடுவுல விட்டுப்போன மாசம் ஏதாவது இருக்குமோன்னு ஒரு சந்தேகம். ரெண்டுல எதையும் மாத்தாம, ரெண்டையும் அப்படியே வெச்சு, பக்கத்துல குறிப்பு எழுதிட்டு போன் போட்டேன்.

"அது முன்ன வேற எடத்துக்கு அப்ளை பண்ணப்ப எழுதுன வரிங்க, தேதி எல்லாம் சரிதானுங்க, மேல மாத்த மறந்துட்டேன்"னாரு. குறிப்பை மட்டும் மூடினேன்.