1,000 டாலர் பில்லுக்கு 980 டாலர் வந்தால் கணக்கில் எப்படி எழுதுவது?

ஜெர்மனியில் கட்டும் வீடுகளுக்கு வரைபடம் போட்டு, அங்குள்ள ஒரு கட்டடக்கலை நிறுவனத்துக்கு அனுப்புகிறார் காரைக்குடித் தங்கை ஒருவர். 1,000 டாலருக்கு பில் போட்டார். வங்கிக்கு வந்தது 980 டாலர். "அண்ணே, அவங்க முழுசா அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, 20 டாலர் எங்கே போச்சு? பில்லை 980ன்னு மாத்திடட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். மாற்றக் கூடாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜெர்மனி வங்கியிலிருந்து டாலர் நேராகக் காரைக்குடிக் கிளைக்கு வருவதில்லை. டாலர் பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள ஓர் இடைவங்கி வழியாகக் கைமாறும். அந்த வங்கி தன் கூலியை வரும் பணத்திலேயே எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். யார் கூலியைச் சுமப்பது என்பதை அனுப்புகிறவர் தன் வங்கியில் குறிப்பிடுகிறார். பணம் அனுப்ப வங்கிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியின் பழைய வடிவில், 71A என்ற இடத்தில் OUR என்றிருந்தால் எல்லாம் அவர் பொறுப்பு. SHA என்றால் அவருடைய வங்கிக் கட்டணம் மட்டும் அவருக்கு, வழியில் பிடிப்பது நமக்கு. BEN என்றால் எல்லாமே நம் தலையில். புது வடிவச் செய்திகளில் இவையே DEBT, SHAR, CRED என்று இருக்கும்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி: பிடித்தது வங்கியா, குறைத்து அனுப்பியது கிளையண்டா? கிளையண்டிடம் ஸ்விஃப்ட் நகல் கேட்டால் அதில் 1,000 என்றே இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. அது அவருடைய வங்கியிலிருந்து கிளம்பிய செய்தி, பிடித்தம் அதற்குப் பின்னால் நடந்தது. ஆகவே நம் வங்கிக்கு வந்து சேர்ந்த செய்தியின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பழைய வடிவ நகல் என்றால் அதில் 33B என்ற இடத்தில் அனுப்பச் சொன்ன தொகை 1,000 என்றும், 32A என்ற இடத்தில் வந்து சேர்ந்த தொகை 980 என்றும், 71F என்ற இடத்தில் வழியில் பிடித்தது 20 என்றும் தெரியும். கிளை ஊழியர் தேடத் தடுமாறினால் UETR என்ற 36 எழுத்து எண்ணைக் கிளையண்டிடம் வாங்கிக் கொடுங்கள். பணம் எந்தெந்த வங்கி வழியாக வந்தது என்பதை அதை வைத்துத் தேடலாம். 33B-யிலேயே 980 என்றிருந்தால் அது வங்கிக் கட்டணமே அல்ல. கிளையண்ட் இன்னும் 20 டாலர் பாக்கி.

இப்போது கணக்கு. புரிவதற்காக விகிதத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். பில் தேதியில் டாலர் 85 ரூபாய். விற்பனை 85,000 ரூபாய் என்று பேரேட்டில் ஏறியாயிற்று, கிளையண்ட் பெயரில் 85,000 பற்று. பணம் வந்த அன்று வங்கி 85.50-க்கு மாற்றியது. 980 டாலருக்கு 83,790 ரூபாய். அதிலிருந்து செலாவணி மாற்றிய சேவைக்கான ஜிஎஸ்டி 150.82 ரூபாயைக் கழித்து 83,639.18 ரூபாயை வரவு வைத்தது. இந்த 150.82 எப்படி வந்தது என்று பலர் கேட்பார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும்போது அந்தத் தொகையில் 1 சதவீதம்தான் சேவையின் மதிப்பு (குறைந்தது 250 ரூபாய்), அதன் மேல் 18 சதவீத வரி. 83,790-இல் 1 சதவீதம் 837.90, அதற்கு 18 சதவீதம் 150.82.

அன்றைய பதிவு இப்படி இருக்க வேண்டும்:

வங்கி – பற்று 83,639.18
வெளிநாட்டு வங்கிக் கட்டணம் (20 × 85.50) – பற்று 1,710.00
உள்ளீட்டு ஜிஎஸ்டி – பற்று 150.82
கிளையண்ட் – வரவு 85,000.00
செலாவணி லாபம் (1,000 × 0.50) – வரவு 500.00

இரண்டு பக்கமும் 85,500. கிளையண்ட் கணக்கு பைசா மிச்சமில்லாமல் முடிகிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, 85,000-க்கும் 83,790-க்கும் உள்ள 1,210 ரூபாயை மொத்தமாக "செலாவணி நஷ்டம்" என்று எழுதிவிடுவது. இங்கே நஷ்டமே இல்லை. டாலர் ஏறியதால் 500 லாபம், கட்டணமாகப் போனது 1,710. இரண்டையும் கலந்துவிட்டால், வருடத்தில் இருபது பில் போடுகிறவருக்கு வழியில் எவ்வளவு போகிறது என்பது கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது. ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊர்க்காரர்கள் நாம், ஒரு தலைப்பில் இரண்டு விஷயத்தைப் போட்டு மூடக் கூடாது. இன்னொரு தவறு 20 டாலரைக் கிளையண்ட் பெயரில் பாக்கியாகவே விட்டுவைப்பது. வராத பணம் சொத்தாக நின்றுகொண்டே இருக்கும்.

ஜிஎஸ்டி பக்கம் பார்ப்போம். சேவை ஏற்றுமதிக்கு வரி கிடையாது. பதிவு பெற்றவர் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடி என்ற உறுதிமொழியைப் படிவம் RFD-11-இல் கொடுத்துவிட்டு, வரி கட்டாமலே பில் போடலாம். அந்த பில் GSTR-1-இல் 6A அட்டவணையில் ஏறும். அங்கே 85,000 என்பதே இருக்க வேண்டும். கிளையண்ட் ஒப்புக்கொண்ட விலை 1,000 டாலர். இடைவங்கி எடுத்த கூலி அந்த விலையைக் குறைக்காது. அதனால் கிரெடிட் நோட்டும் போட வேண்டாம். கிரெடிட் நோட்டு என்பது நாமே விலையைக் குறைத்தோம் என்று சொல்வது. நம் வங்கி பிடித்த 150.82 ரூபாய்க்கு, நம் ஜிஎஸ்டி எண்ணுடன் வங்கி கொடுக்கும் வரி விவரம் இருந்தால் உள்ளீட்டு வரவு எடுக்கலாம். எண்ணை வங்கியில் பதிந்துவைக்காதவர்கள் இதை இழக்கிறார்கள்.

சேவைக்கான பணம் பில் தேதியிலிருந்து ஒரு வருடம் அல்லது அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கும் காலம், இதில் எது பிந்தையதோ அதற்குள் வர வேண்டும், வராவிட்டால் வரியும் வட்டியும் கட்ட வேண்டும் என்பது விதி 96A. ரீஃபண்டு கேட்கும்போது அதிகாரி பில்லையும் வங்கி தரும் எஃப்ஐஆர்ஏ என்ற வரவுச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சான்றில் 980 இருக்கும், பில்லில் 1,000. அந்த இடைவெளிக்கு வாய்ப் பேச்சு செல்லாது. 71F தெரியும் ஸ்விஃப்ட் நகலை அந்த பில்லோடு சேர்த்துவையுங்கள். பணம் வந்த வாரத்திலேயே கேட்டால் கிளையில் எளிதாகக் கிடைக்கும், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அலைய விடுவார்கள்.

ஆத்தங்குடி ஓடு போல சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு படி கூடுதல். ஷிப்பிங் பில் தொகை ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் என்ற ஏற்றுமதிக் கண்காணிப்புப் பதிவேட்டில் நிற்கும். 20 டாலர் குறைந்தால் அந்தப் பதிவு தானாக முடியாமல் திறந்தே கிடக்கும். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதை எளிதாக்கியது. ஒரு பில் 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பணம் வந்துவிட்டது என்று ஏற்றுமதியாளர் தரும் உறுதிமொழியை வைத்தே வங்கி முடிக்கலாம், தொகை குறைந்திருந்தாலும் ஏற்கலாம். வங்கிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, முடித்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணம் கிளையண்ட் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் மேலே சொன்ன பதிவு மாறும். அப்போது 1,710 செலவாகாது. 20 டாலர் கிளையண்ட் பெயரிலேயே பாக்கி நிற்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். தங்கையின் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை, அதனால் செலவாகவே எழுதினோம். அடுத்த பில்லில் "வங்கிக் கட்டணம் அனைத்தும் அனுப்புநரைச் சேரும், OUR முறையில் அனுப்பவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.