பச்சை டிக் வந்தால் பணம் சரியான ஆளுக்குப் போகும் என்று யார் சொன்னது?

ஹட்டன் பக்கம் சிறிய அளவில் தேயிலை பக்கற் போட்டு விற்கும் ஒருவர், துபாயிலிருந்து பொதி செய்யும் மெஷின் ஒன்று எடுக்க முற்பணம் அனுப்பினார். அனுப்புவதற்கு முன், வெளிநாட்டு வங்கிக் கணக்கைக் காட்டும் ஐபான் நம்பரை, அதைச் சரிபார்க்கும் ஓர் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார், பச்சை டிக் வந்திருக்கிறது. பணமும் தடங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது, ஆனால் மெஷின் விற்பவருக்கு இல்லை. விற்பவரின் மெயிலுக்குள் யாரோ புகுந்து, பில்லில் இருந்த கணக்கு நம்பரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். "மிஸ், டிக் வந்துச்சே, அப்புறம் எப்படி?" என்று கவுண்டரில் நின்று கேட்டார். வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அந்த டிக் எதைப் பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விளக்கத்துக்காகவே வெளியிடப்பட்ட ஒரு மாதிரி நம்பர் இது, யாருக்கும் பணம் அனுப்ப அல்ல:

```
AE07 0331 2345 6789 0123 456
```

முதல் இரண்டு எழுத்து நாடு, AE என்றால் ஐக்கிய அரபு அமீரகம். அடுத்த 07 சரிபார்ப்பு இலக்கம். அதற்குப் பின் 033 என்பது வங்கியின் குறியீடு, மிச்சம் 16 இலக்கம் கணக்கு நம்பர். மொத்தம் 23. அமீரகத்துக்கு 23 தான், 22ம் இல்லை 24ம் இல்லை. சவூதிக்கு 24, கட்டாருக்கு 29, குவைத்துக்கு 30, ஜெர்மனிக்கு 22. ஆக, AE என்று தொடங்கி 22 எழுத்தோடு ஒரு நம்பர் வந்தால் எங்கேயோ ஒன்று விடுபட்டிருக்கிறது, மேற்கொண்டு கணக்குப் பார்க்கவே தேவையில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இலங்கைக்கு ஐபான் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் "அம்மாவோட ஐபான் அனுப்புங்க" என்று கேட்டதும், கணக்கு நம்பருக்கு முன்னால் LK என்று சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஃபோர்ம் அதை ஏற்காது, ஏனென்றால் ஐபான் உள்ள நாடுகளின் பட்டியலில் LK இல்லவே இல்லை. இங்கே பணம் வர கணக்கு நம்பர், வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் கோட், புத்தகத்தில் உள்ளபடி பெயர், இவ்வளவும் போதும்.

சரி, அந்த 07க்கு வருவோம். முதல் நான்கு எழுத்தையும் எடுத்துக் கடைசியில் போடவேண்டும். எழுத்துகளை எண்ணாக்க வேண்டும், A என்றால் 10, B என்றால் 11, அப்படியே போய் Z என்றால் 35. AE என்பது 1014 ஆகிறது. வருகிற நீண்ட எண்ணை 97ஆல் வகுத்தால் மிச்சம் 1 வரவேண்டும்.

```
0331234567890123456101407 mod 97 = 1
```

இதை எக்ஸெலில் அப்படியே அடித்துப் பார்த்துவிட்டு "பிழையா வருதே" என்று சொல்பவர்கள் உண்டு. எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் பூச்சியமாக்கிவிடும், சாதாரண போன் கல்குலேட்டரையும் இவ்வளவு நீள எண்ணுக்கு நம்ப முடியாது. துண்டு துண்டாகச் செய்யுங்கள். முதல் ஒன்பது இலக்கம் 033123456, அதை 97ஆல் வகுத்தால் மிச்சம் 90. அந்த 90க்குப் பின்னால் அடுத்த ஏழு இலக்கத்தை ஒட்டினால் 907890123, மிச்சம் 96. அப்படியே 964561014, மிச்சம் 95. கடைசி இரண்டும் சேர்ந்து 9507, மிச்சம் 1. நம்பர் தேறிவிட்டது.

இப்போது கையால் எழுதும்போது 6789 என்பது 6798 ஆகிவிட்டது என்று வையுங்கள். நாடு சரி, நீளம் சரி, பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வகுத்தால் மிச்சம் 39. இதைப் பார்த்துத்தான் சிஸ்டம் திருப்பி அனுப்புகிறது, நீங்கள் கவுண்டரில் எங்களோடு கோபப்படுகிறீர்கள். ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் இந்தக் கணக்கு தவறாமல் பிடிக்கும். கண்டபடி பல இடம் பிழைத்தால் மட்டும் ஏறக்குறைய 97இல் ஒன்று தப்பலாம். கைத்தவறைப் பிடிப்பதற்கு இது அருமையான ஏற்பாடு.

ஆனால் பிடிப்பது கைத்தவறை மட்டும்தான், இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த 07 எந்த வங்கியின் இரகசியமும் இல்லை. அதன் இடத்தில் 00 போட்டு வகுத்தால் மிச்சம் 91 வரும், 98இலிருந்து 91ஐக் கழித்தால் 7, முடிந்தது கதை. கணக்கு நம்பர் பகுதியில் மனதில் வந்த 16 இலக்கத்தைப் போட்டாலும் அதற்குப் பொருந்தும் சரிபார்ப்பு இலக்கத்தை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம், டிக்கும் வரும். அப்படி ஒரு கணக்கு திறந்திருக்கிறதா, மூடிவிட்டார்களா, அது யாருடையது, எதுவுமே அந்த டிக்குக்குத் தெரியாது. அதிலும் ஏமாற்றுக்காரன் கற்பனை நம்பரையா கொடுப்பான்? அவனுக்குப் பணம் வேண்டும். உண்மையான கணக்கைத்தான் கொடுப்பான், அது எப்போதும் தேறும்.

அந்தத் தேயிலைக்காரரிடம், மெஷின் விற்பவர் முன்பு அனுப்பிய பழைய பில் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் AE, இரண்டும் 23, இரண்டும் தேறுகின்றன. ஆனால் சரிபார்ப்பு இலக்கத்துக்கு அடுத்த மூன்று இலக்கம் வேறு, அதாவது வங்கியே வேறு. விற்பவர் ஏன் திடீரென்று வங்கி மாற்றினார் என்று ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தால் பணம் தப்பியிருக்கும்.

அதனால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். நம்பரைக் கையால் எழுதாதீர்கள், கொப்பி பண்ணி ஒட்டுங்கள், வட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்து அடிக்க வேண்டாம். பில்லில் உள்ள நாடும் ஐபானின் முதல் இரண்டு எழுத்தும் ஒன்றா பாருங்கள். சுவிஃப்ட் கோடின் ஐந்தாம் ஆறாம் எழுத்தும் பொதுவாக அதே நாட்டைத்தான் காட்டும். ஜெர்மனிக் கம்பனி என்கிறார்கள், நம்பர் LT என்று லித்துவேனியாவில் தொடங்குகிறது என்றால் அதுவே மோசடி என்று சொல்லமாட்டேன், சில இணைய வழிச் சேவைகளின் கணக்குகள் அப்படி இருக்கும், ஆனால் கேட்காமல் அனுப்பாதீர்கள். கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, முன்பே உங்களிடம் இருக்கும் நம்பருக்கு எடுத்து, ஆளோடு பேசி, கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தையாவது அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "பெயரைத்தான் எழுதியிருக்கிறோமே, பொருந்தாவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும்தானே" என்று இருக்காதீர்கள். யூரோ வலய வங்கிகள் தங்களுக்குள் அனுப்பும் யூரோவுக்கு 2025 ஒக்டோபரிலிருந்து பெயரையும் ஒப்பிட்டுக் காட்டுகின்றன, இங்கிருந்து நீங்கள் துபாய்க்கு அனுப்பும் பணத்துக்கு அதை நம்ப முடியாது.

அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே, முடிந்தால் அந்த மணியிலேயே வங்கிக்கு வாருங்கள். திருப்பிக் கேட்டுச் செய்தி அனுப்புவோம். பணம் மறுபக்கக் கணக்கில் விழுந்துவிட்டால் பெரும்பாலும் அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் திரும்பும், விழுவதற்கு முன் பிடித்தால் மட்டுமே எங்கள் கையில் கொஞ்சம் பிடி இருக்கிறது.