மாங்கனீசு சுமந்து வரும் ஆக்சிஜன்

நீரில் கரைந்த ஆக்சிஜனுக்கு நிறமோ மணமோ இல்லாதபோது அதைப் பியூரெட்டால் அளப்பது எப்படி என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறையே இதற்கு விடை.

ஆக்சிஜன் அயோடைடிலிருந்து நேராக அயோடினை விடுவித்தால் வேலை எளிதாகியிருக்கும். ஆனால் அந்த வினை மிக மெதுவானது; காத்திருக்கும் நேரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரில் கலந்துவிடும். ஆகவே விங்க்ளர் மாங்கனீசை இடையில் நிறுத்தினார். குமிழி தங்காமல் நிரப்பிய 300 மில்லி புட்டியில், குளக்கரையிலேயே, முதலில் மாங்கனீசு சல்பேட்டும் அடுத்துக் கார அயோடைடும் ஒவ்வொரு மில்லி விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். காரத்தில் உண்டாகும் வெண்ணிற மாங்கனீசு ஹைட்ராக்சைடு, கரைந்துள்ள ஆக்சிஜனை விரைவாகப் பற்றிக்கொண்டு பழுப்பாகிறது. வீழ்படிவு வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

பிறகு கந்தக அமிலம் சேர்த்ததும் அதே மாங்கனீசின் இயல்பு தலைகீழாகிறது. காரத்தில் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்ட அது, அமிலத்தில் தன் ஆக்சிஜனேற்றத் திறனை அயோடைடின்மேல் செலுத்திப் பழைய நிலைக்குத் திரும்ப, பற்றிய ஆக்சிஜனுக்கு நிகரான அயோடின் வெளிப்பட்டுக் கரைசல் மஞ்சளாகிறது. கார, அமில மாற்றம் ஒன்றைக் கொண்டே ஏற்றவும் இறக்கவும் செய்யும் இந்த ஏற்பாட்டைவிட நேர்த்தியான ஒன்றைப் பகுப்பாய்வு வேதியியலில் நான் கண்டதில்லை.

எஞ்சியது வழக்கமான தரம்பார்த்தல். ஒரு மோல் ஆக்சிஜன் இரண்டு மோல் அயோடினை விடுவிக்கிறது. அந்த அயோடினை மறுபடி அயோடைடாக்க நான்கு மோல் தயோசல்பேட்டு செலவாகிறது. 200 மில்லி மாதிரிக்கு 0.025 மோலார் தயோசல்பேட்டு 4.2 மில்லி செலவானதாகக் கொள்வோம். அது 0.105 மில்லிமோல், நான்கால் வகுத்தால் ஆக்சிஜன் 0.02625 மில்லிமோல், அதாவது 0.84 மில்லிகிராம், லிட்டருக்கு 4.2 மில்லிகிராம். செலவான மில்லியே விடையாகட்டும் என்றுதான் இந்தச் செறிவைத் தேர்ந்திருக்கிறார்கள். வினைபொருள்கள் புட்டியிலிருந்து வெளியேற்றிய நீரை ஈடுகட்ட, 200 மில்லிக்குப் பதில் 201 மில்லி எடுப்பார்கள். 30 பாகை செல்சியசில் காற்றோடு சமநிலையிலுள்ள நன்னீரில் சுமார் 7.5 மில்லிகிராம் இருக்கும் என்பதால், நம் மாதிரியில் பாதிக்குச் சற்று மேல்தான் உள்ளது.

அயோடின் இருக்கும்வரை நீலம் காட்டும் ஸ்டார்ச்சை, கரைசலின் மஞ்சள் வைக்கோல் நிறமாக வெளிறிய பின்னரே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் அயோடின் அதில் சிக்கி முடிவுநிலை மங்கிவிடும். நீலம் மறைந்த சில நொடிகளில் திரும்பத் திரும்ப வந்தால், நீரில் நைட்ரைட்டு கலந்திருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். அது அமிலத்தில் அயோடைடைத் தானும் ஆக்சிஜனேற்றி நைட்ரிக் ஆக்சைடாகிறது. காற்று அதை மறுபடி நைட்ரைட்டாக்க, இல்லாத ஆக்சிஜனும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கழிவுநீர் கலந்த குளங்களுக்குக் கார அயோடைடுடன் சோடியம் அசைடு சேர்ப்பது இதனால்தான். அமிலம் விழுந்ததும் அது நைட்ரைட்டைச் சிதைத்துவிடுகிறது.