வயல் வேலை எலும்புக்குப் போதாதா?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வயசு 54. மாதவிடாய் நின்று நாலு வருஷம் ஆச்சு. கல்யாணமான நாளிலிருந்து நடவு, களை, அறுப்புதான். இப்போது எலும்பு அடர்த்தி குறைவு என்கிறார் டாக்டர். உடம்பு வளைந்து வேலை செய்தவளுக்கு இது எப்படி?"

எலும்பில் கரைக்கும் செல்களும் உண்டு, கட்டும் செல்களும் உண்டு. கரைப்பதை அடக்கி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்று அது குறைந்ததும் கரைப்பு முந்திவிடுகிறது. அப்படியானால் கட்டும் வேலையை எப்படித் தூண்டுவது?

எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் குழிகளில் புதைந்திருக்கின்றன. அவற்றை இணைக்கும் நுண்குழாய்களில், வாய்க்காலில் தண்ணீர் போல, திரவம் நிற்கிறது. பெரிய சுமை ஏறும்போது எலும்பு இம்மியளவு வளைகிறது. திரவம் பாய்ந்து செல்லை உரசுகிறது. உரசலை உணர்ந்த செல், ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைக்கிறது. கட்டும் செல்களுக்குத் தடை போட்டிருந்தது அந்தப் புரதம்தான். தடை விலகினால் கட்டுமானம் தொடங்குகிறது. என்ன அழகான ஏற்பாடு!

ஆனால் இந்தச் செல்களுக்கு ஒரே தூண்டல் சீக்கிரம் பழகிவிடும். நாள் முழுக்க குனிந்து நாற்று நடுவது முதுகை நோகடிக்கும். எலும்புக்கோ அது பழகிப்போன சிறு சுமை. வழக்கத்தை மீறிய கனம், சில தடவை, பிறகு ஓய்வு. அதற்குத்தான் செல் அசைகிறது.

ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. வாரம் 2 நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் அருகிலிருக்க, ஐந்தைந்து தடவையாகக் கனமான எடை தூக்கினார்கள். 8 மாதத்தில் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. நம் நடவுப் பெண்களை வைத்து இப்படியோர் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் வாசகி முதல் மாதம் தூக்கும் முறையை மட்டும் பழகட்டும். பாதி நிரப்பிய வாளி போதும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, முதுகை நேராக வைத்து எடுக்க வேண்டும். பிறகு கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். 5 தடவை தூக்கியபின் இன்னும் 10 தடவை முடியும் என்று தோன்றினால் அது லேசு. இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும் என்றால் சரியான கனம். மாதங்கள் போனால் 25 கிலோ அரிசிச் சிப்பமும் கைக்கு வரலாம். தொடர்ந்து இரண்டு நாள் வேண்டாம். பருப்பு, முட்டை, மீன் தட்டில் இருக்கட்டும்.

முதுகை வளைத்துத் தூக்கினால் மெலிந்த முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கலாம். திடீர் முதுகுவலி வந்தாலோ, உயரம் குறைந்திருந்தாலோ, எடையைத் தொடுமுன் எக்ஸ்ரே பார்த்துவிட வேண்டும்.

பலன் முதலில் தெரிவது தசையில். சில வாரங்களிலேயே குடம் லேசாகும், மாலையில் வரும் அசதி குறையும். எலும்புக்கு மாதங்கள் பிடிக்கும். மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தால், அந்தச் சிறு மாற்றம் கருவியின் பிழையளவுக்குள்ளேயே மறைந்துவிடும். ஒரு வருஷமாவது கழித்து, அதே கருவியில் எடுங்கள்.